நூற்றுக்கு 71.4: புதிய மதிப்பெண் பட்டியலை எப்படிப் படிப்பது?

தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில், காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் திருப்பித் தரப்பட்ட வாரத்தில், பிளஸ் ஒன் வகுப்பின் அறிவிப்புப் பலகையில் இயற்பியல் ஆசிரியை ஒரு தாளை ஒட்டினார். அதில் இருந்தவை நான்கே வரிகள்:

"இனி மதிப்பெண் பட்டியலில் எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணும் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு தசம இடத்துடன் தரப்படும். இரண்டாம் தசம இடத்தில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் தசம இடத்தில் ஒன்று கூட்டப்படும். மூன்று தேர்வுகளின் சராசரியும் இவ்வாறே தரப்படும், தேர்ச்சிக்கு 35.0 தேவை. விடைத்தாளில் உள்ள மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் இல்லை."

கடைசி வரியைத் தெளிவாக எழுதியிருந்தும் கேள்விகள் வந்தன. விடைத்தாளில் 49 வாங்கியவருக்குப் பட்டியலில் 70.0 என்று இருக்கிறது. கூடுதலான 21 எங்கிருந்து வந்தது? ஒரு மதிப்பெண் கூட வாங்கிய நண்பருக்கு 71.4 என்றால், அதற்கு மேல் இன்னொரு மதிப்பெண் வாங்கியவருக்கு 72.8 வராமல் 72.9 வந்தது ஏன்? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி மூன்றாவது: மூன்று தேர்வுகளிலும் சேர்த்து ஒரே அளவு மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவர் தேர்ச்சி, மற்றவர் தேர்ச்சி இல்லை என்று வர முடியுமா? முடியும். அது எப்படி என்பதைக் கீழே எண்களோடு காணலாம்.

## மாறியது எது, மாறாதது எது

இந்த வகுப்பில் இதுவரை நடந்த இயற்பியல் தேர்வுகள் மூன்று. அலகுத் தேர்வு 30 மதிப்பெண்ணுக்கும், இடைப்பருவத் தேர்வு 50 மதிப்பெண்ணுக்கும், காலாண்டுத் தேர்வின் எழுத்துத் தாள் 70 மதிப்பெண்ணுக்கும் நடந்தன. பழைய பட்டியலில் விடைத்தாளில் இருந்த எண்ணே அப்படியே இருக்கும். சராசரி மட்டும் நூற்றுக்குக் கணக்கிடப்பட்டு முழு எண்ணாகத் தரப்படும்.

ஆகவே மாற்றம் இரண்டு இடங்களில் நடந்திருக்கிறது. ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண்ணும் நூற்றுக்கு மாற்றப்படுகிறது. முழு எண்ணாக இருந்த சராசரிக்கு ஒரு தசம இடம் கிடைக்கிறது. முதல் மாற்றம் தோற்றத்தை மட்டுமே மாற்றுகிறது. இரண்டாவது மாற்றம் சிலருடைய தேர்ச்சியையே மாற்றக்கூடியது. பேச்செல்லாம் முதலாவதைப் பற்றியே நடந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

நூற்றுக்கு மாற்றும் கணக்கு எளியது. வாங்கிய மதிப்பெண்ணைத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். ஒரு மாணவி அலகுத் தேர்வில் 22, இடைப்பருவத்தில் 33.5, காலாண்டில் 49 வாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். பழைய பட்டியலில் 22, 33.5, 49 என்று வரிசையாகப் பார்க்கும் பெற்றோருக்குப் பிள்ளை ஏறிக்கொண்டே போவதாகத் தோன்றும். புதிய பட்டியலில் அதே மதிப்பெண்கள் 73.3, 67.0, 70.0 என்று இருக்கும். இடைப்பருவத்தில் ஒரு சறுக்கல் இருந்தது என்பதும், காலாண்டில் பாதி மீண்டிருக்கிறார் என்பதும் இப்போதுதான் கண்ணில் படுகிறது. வெவ்வேறு அளவுள்ள தேர்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே அளவுகோல் வேண்டும். நூறு என்பது அந்த அளவுகோல் மட்டுமே. கூடுதல் 21 யாரும் கொடுத்ததல்ல.

வீட்டில் அண்ணனோ அக்காவோ பழைய 1200 மதிப்பெண் முறையில் பிளஸ் டூ எழுதியிருந்தால் அங்கே இன்னொரு குழப்பமும் எழலாம். 2019 மார்ச் தேர்வுக்கு முன்புவரை ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். அன்று 140 வாங்கியவரும் இன்று 70.0 வாங்குபவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

## ஏன் ஒரு தசம இடம்? இல்லாமலோ இரண்டோ ஏன் இல்லை?

இதற்கான விடை விடைத்தாளிலேயே இருக்கிறது. இந்தப் பாடத்தில் அரை மதிப்பெண் வரை போடுகிறார்கள். எனவே 70 மதிப்பெண் தாளில் சுழியத்திலிருந்து 70 வரை 141 விதமான மதிப்பெண்கள் சாத்தியம். ஆனால் 0 முதல் 100 வரை உள்ள முழு எண்கள் 101 மட்டுமே. 141 பேரை 101 நாற்காலியில் உட்கார வைத்தால் சில நாற்காலிகளில் இருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எடுத்துக்காட்டாக 49.5 வாங்கியவருக்கு 70.71, 50 வாங்கியவருக்கு 71.43. முழு எண்ணாக்கினால் இருவருக்கும் 71. ஆசிரியை அரை மதிப்பெண் வித்தியாசம் பார்த்துத் திருத்தியிருக்கிறார். பட்டியல் அதை அழித்துவிடுகிறது.

ஒரு தசம இடம் விட்டால் அவை 70.7, 71.4 என்று பிரிந்து நிற்கின்றன. 70 மதிப்பெண் தாளில் அரை மதிப்பெண் என்பது நூற்றுக்கு 0.71 அளவு. 0.1 என்ற படி அதைவிடச் சிறியது. ஆகவே வெவ்வேறு மதிப்பெண் வாங்கிய இருவர் ஒரே எண்ணில் விழ வாய்ப்பே இல்லை. 30, 50 மதிப்பெண் தாள்களில் அரை மதிப்பெண்ணின் அளவு இன்னும் பெரியது, அங்கும் இதே நிலைதான்.

இரண்டாவது தசம இடம் ஒரு தனித் தேர்வைப் பொறுத்தவரை புதிதாக எதையும் சொல்வதில்லை. 71.4 என்று பார்த்தாலே அது 70-க்கு 50 என்று உறுதியாகிவிடுகிறது. 71.43 என்று எழுதினாலும் அதே 50-தான்.

## 1.4, 1.5: படிகள் ஏன் ஒரே சீராக இல்லை

70 மதிப்பெண் தாளில் ஒரு முழு மதிப்பெண்ணின் மதிப்பு நூற்றுக்கு 1.428571... என்று முடிவில்லாமல் போகும் ஒரு தசமம். அதை ஒரு இடத்தில் நிறுத்தும்போது 49, 50, 51, 52, 53 ஆகியவை 70.0, 71.4, 72.9, 74.3, 75.7 என்று வருகின்றன. இடைவெளி 1.4, 1.5, 1.4, 1.4. இடைவெளி மாறுவதற்குக் காரணம் எழுதும்போது நாம் வெட்டுவதுதான். 51 வாங்கியவருக்கு யாரும் 0.1 சலுகை தரவில்லை.

இந்தச் சீரின்மையால் ஒரு பயனும் உண்டு. ஒவ்வொரு தாளிலும் எந்தத் தசம இலக்கங்கள் வர முடியும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அரை மதிப்பெண்ணையும் கணக்கில் கொண்டால்:

1. 50 மதிப்பெண் தாளில் புள்ளிக்குப் பின் 0 மட்டுமே வரும். 33 என்றால் 66.0, 33.5 என்றால் 67.0.
2. 30 மதிப்பெண் தாளில் 0, 3, 7 ஆகிய மூன்று மட்டுமே வரும். 20 என்றால் 66.7, 20.5 என்றால் 68.3, 21 என்றால் 70.0.
3. 70 மதிப்பெண் தாளில் 2, 5, 8 ஆகிய மூன்றும் ஒருபோதும் வராது, மற்றவை வரலாம்.

ஆகவே காலாண்டுப் பட்டியலில் யாருக்காவது 71.5 என்றோ 64.2 என்றோ இருந்தால், விடைத்தாளைப் பார்க்காமலேயே அது தவறு என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் தட்டச்சுப் பிழையாக இருக்கும், அல்லது தேர்வின் மொத்த மதிப்பெண்ணைத் தவறாகக் கொடுத்து வகுத்திருப்பார்கள். அலகுத் தேர்வு நிரலில் 30-க்குப் பதில் 50-ஆல் வகுத்திருந்தால் எல்லாமே புள்ளி சுழியத்தில் முடியும். அதையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். எண் சாத்தியமானது என்பதால் மட்டும் அது சரி என்றாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 50-க்குப் பதில் 51 என்று பதிந்திருந்தால் 72.9 வரும், அதைக் கண்டுபிடிக்க விடைத்தாள்தான் வேண்டும்.

## சராசரியை வீட்டில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு

பட்டியலில் உள்ள மூன்று எண்களைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்த்து, "எனக்கு 0.1 குறைகிறது" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஒருவர் 30-க்கு 20, 50-க்கு 30.5, 70-க்கு 51 வாங்கியிருந்தால் பட்டியலில் 66.7, 61.0, 72.9 என்று இருக்கும். இவற்றின் கூடுதல் 200.6, மூன்றால் வகுத்தால் 66.87, அதாவது 66.9. பட்டியலிலோ 66.8 என்று இருக்கிறது.

பட்டியல்தான் சரி. 66.7 என்பது உண்மையில் 66.667, 72.9 என்பது உண்மையில் 72.857. இரண்டும் எழுதும்போது சற்று மேலே ஏற்றப்பட்டவை. அந்த ஏற்றங்களையும் சேர்த்துக் கூட்டியதால்தான் 66.9 வந்தது. வெட்டாமல் கூட்டினால் 200.524, சராசரி 66.841.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்த எவருக்கும் இது தெரிந்த விஷயம்தான். பில்லில் ஒவ்வொரு துணிக்கும் பைசா வரை விலை இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு கடைசியில் ஒரே ஒரு வரியில் 'ரவுண்ட் ஆஃப்' செய்திருப்பார்கள். ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியாக அப்படிச் செய்தால் கூட்டுத்தொகை வேறாக வரும். மதிப்பெண்ணிலும் முழுமையாக்கல் கடைசியில் ஒரு முறைதான் நடக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் பட்டியலில் வந்த 64.5-ஐ மறுபடி முழுமையாக்கி 65 என்று வேறு படிவங்களில் நிரப்பக் கூடாது. 20, 33, 42.5 வாங்கியவரின் சராசரி 64.46. நேராக முழு எண்ணாக்கினால் 64, முதலில் 64.5 என்று ஆக்கி, அதை மறுபடி ஆக்கினால் 65. படிவத்தில் முழு எண் கேட்டால் விடைத்தாள் மதிப்பெண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

## 35 என்ற கோடு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தனித் தேர்வுகளில் இந்தக் கோடு யாருக்கும் சிக்கல் தருவதில்லை. நூற்றுக்கு 35 என்பது 30-க்குச் சரியாக 10.5, 50-க்குச் சரியாக 17.5, 70-க்குச் சரியாக 24.5. அரை மதிப்பெண் குறைந்தால் முறையே 33.3, 34.0, 34.3 என்று தெளிவாகக் கீழே போய்விடும். 34.5-க்கும் 35-க்கும் இடையில் எந்தத் தாளிலும் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

சராசரியில்தான் அந்த இடைவெளி நிரம்புகிறது. இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், முதலாமவர், இரண்டாமவர் என்றே அழைப்போம்.

முதலாமவர் 30-க்கு 11, 50-க்கு 17, 70-க்கு 24 வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாற்றினால் 36.667, 34, 34.286. கூடுதல் 104.952, சராசரி 34.984. ஒரு தசம இடத்தில் இது 35.0. தேர்ச்சி.

இரண்டாமவர் 30-க்கு 10.5, 50-க்கு 17.5, 70-க்கு 24 வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாற்றினால் 35, 35, 34.286. கூடுதல் 104.286, சராசரி 34.762. ஒரு தசம இடத்தில் இது 34.8. தேர்ச்சி இல்லை.

இப்போது இருவருடைய விடைத்தாள் மதிப்பெண்களைக் கூட்டிப் பாருங்கள். 11, 17, 24 சேர்ந்தால் 52. 10.5, 17.5, 24 சேர்ந்தாலும் 52. இருவரும் 150-க்கு 52 வாங்கியவர்கள்தான்.

வித்தியாசம் எங்கே வருகிறது? நூற்றுக்கு மாற்றிய பிறகு சராசரி எடுக்கும்போது மூன்று தேர்வுகளும் சம எடை பெறுகின்றன. அதனால் சிறிய தேர்வில் வாங்கிய அரை மதிப்பெண் பெரிய தேர்வில் வாங்கிய அரை மதிப்பெண்ணைவிடக் கனமாகிவிடுகிறது. அலகுத் தேர்வில் அரை மதிப்பெண் சராசரியை 0.56 உயர்த்தும், இடைப்பருவத்தில் 0.33, காலாண்டில் 0.24 மட்டுமே. முதலாமவர் இடைப்பருவத்தில் இழந்த அரை மதிப்பெண்ணை அலகுத் தேர்வில் பெற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

பழைய பட்டியலிலும் சராசரி இதே முறையில்தான் கணக்கிடப்பட்டது. ஆனால் அங்கே 34.98, 34.76 இரண்டும் முழு எண்ணாகி 35 என்று வந்துவிடும், இருவரும் தேர்ச்சி. 34.5 முதல் 35-க்குக் கீழ் வரை இருந்தவர்களை முழு எண் சத்தமில்லாமல் மேலே தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது. புதிய முறையில் அந்தத் தூக்கல் 34.95-க்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். "மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் இல்லை" என்ற கடைசி வரி உண்மை. ஆனால் தேர்ச்சிக் கோட்டில் மாற்றம் இருக்கிறது, அதை அறிவிப்பு சொல்லவில்லை.

இதற்கு மாற்று உண்டு. மூன்று தேர்வுகளின் மதிப்பெண்களையும் முதலில் கூட்டி, 150-ஆல் வகுத்து, பிறகு நூற்றுக்கு மாற்றலாம். அப்போது எந்தத் தேர்வில் வாங்கினாலும் அரை மதிப்பெண்ணுக்கு 0.33 என்ற ஒரே மதிப்புதான். மேலே கண்ட இருவருக்கும் 34.7 வரும், இருவருமே தேர்ச்சி பெற மாட்டார்கள். கடுமையானது, ஆனால் இருவரையும் ஒரே மாதிரி நடத்துகிறது. முதலில் கண்ட 22, 33.5, 49 வாங்கிய மாணவிக்கு இந்த முறையில் 69.7; இப்போதைய முறையில் 70.1. எந்த முறையும் கணக்குப்படி தவறல்ல. அலகுத் தேர்வுக்கும் காலாண்டுக்கும் சம எடை தர வேண்டுமா என்பது ஆசிரியை எடுக்க வேண்டிய முடிவு. என் கருத்தில், 30 மதிப்பெண் தேர்வுக்கு 70 மதிப்பெண் தேர்வின் எடையைத் தருவதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தாலொழிய, கூட்டி வகுப்பதே பொருத்தம். எதுவானாலும் அது அறிவிப்பில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். "சராசரி" என்ற ஒரு சொல் இரண்டு முறைகளுக்கும் பொருந்திவிடுகிறது.

இவையெல்லாம் பள்ளியின் உள்தேர்வுகளுக்கு மட்டுமே. பொதுத்தேர்வின் மதிப்பெண் சான்றிதழில் முழு எண்களே இருக்கும்; இந்தத் தசமங்கள் அங்கே போவதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கான கட் ஆஃபில் வரும் 187.5 போன்ற எண்களும் வேறு வகை. அங்கே கணிதத்தை 100-க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் தலா 50-க்கும் எடுக்கிறார்கள். இயற்பியலில் 91 வாங்கியவருக்கு 45.5 என்று பாதியாக்குவதால் வரும் தசமம் அது.

## எக்செல் தாளில் நடக்கும் ஒரு தவறு

35.0 என்று இருந்தும் அருகிலேயே "தேர்ச்சி இல்லை" என்று ஒரு பட்டியலில் வந்தால் அது கணினியின் கோளாறு அல்ல. எக்செல் கட்டத்தில் ஒரு தசம இடம் மட்டும் காட்டும்படி வடிவமைத்தால், காட்சிக்குத்தான் 35.0, உள்ளே இருப்பது 34.984-தான். தேர்ச்சியைச் சோதிக்கும் ஃபார்முலா உள்ளே இருக்கும் எண்ணையே பார்க்கும். அறிவிப்பின்படி நடக்க வேண்டுமென்றால் சராசரியையே முழுமையாக்கி வைக்க வேண்டும்:

```
=ROUND((B2/30+C2/50+D2/70)/3*100,1)
```

இதன் விடை E2 கட்டத்தில் இருந்தால் தேர்ச்சிக்கான சோதனை:

```
=IF(E2>=35,"P","F")
```

இப்படிச் செய்தால் பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் எண்ணே முடிவையும் தீர்மானிக்கும். 34.984-ஐ 35.0 என்று ஏற்பது சலுகைதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் அதிகபட்சம் 0.05 அளவுக்கே, எந்தத் தாளிலும் ஒரு அரை மதிப்பெண் ஏற்படுத்தும் மாற்றத்தைவிடச் சிறியது. வெளியிட்ட எண் ஒன்று, முடிவு செய்த எண் வேறொன்று என்று இருப்பதைவிட இது மேல்.

அடுத்த பருவத்தில் 40 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கும். 40-க்கு 24.5 என்பது சரியாக 61.25. அறிவிப்பின் விதிப்படி அது 61.3, எக்செல்லும் அப்படியே தரும். ஆனால் பைத்தான் நிரலில் `round(61.25, 1)` என்று கொடுத்தால் 61.2 வரும், ஏனெனில் அது சரிபாதியில் நிற்கும் எண்களை இரட்டை இலக்கத்தை நோக்கி முழுமையாக்குகிறது. இப்போதைய மூன்று தேர்வுகளில் சரிபாதி எண் எதுவும் வராது என்பதால் இந்தச் சிக்கல் இன்னும் எழவில்லை.

## 0.1 முந்தியவர் முந்தியவரா?

சராசரி நிரலில் ஒருவருக்கு 78.4, மற்றவருக்கு 78.3 என்றால் முதலாமவர் முந்தியிருக்கிறார் என்று தர வரிசை சொல்லும். ஆனால் எந்த ஒரு தாளிலும் அரை மதிப்பெண் மாறினாலே சராசரி குறைந்தது 0.24 நகர்ந்துவிடும். ஐந்து மதிப்பெண் வினா ஒன்றுக்கு ஓர் ஆசிரியர் மூன்றரையும் இன்னோர் ஆசிரியர் நான்கும் போடுவது சாதாரணம். அந்தத் திருத்தும் வேறுபாட்டுக்குள்ளேயே 0.1 அடங்கிவிடுகிறது. இப்படி நிற்பவர்களுக்கு ஒரே தரம் கொடுப்பதுதான் முறை.

## சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டிய வரிசை

1. விடைத்தாளில் வினாவாரியாகப் போட்ட மதிப்பெண்களை மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் இருக்கும்.
2. அந்த மொத்தத்தைத் தேர்வின் மதிப்பெண்ணால் வகுத்து நூறால் பெருக்கி, பட்டியலில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும்.
3. சராசரியில் சந்தேகம் என்றால், பட்டியலின் எண்களை விட்டுவிட்டு மூன்று விடைத்தாள்களையும் எடுத்துச் செல்ல வேண்டும். கணக்கை வெட்டாமல் போட்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் முழுமையாக்க வேண்டும்.
4. சராசரி 34.5-க்கும் 34.9-க்கும் இடையில் இருந்தால், 150-க்கு மொத்தம் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். அது 52.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், கூட்டி வகுக்கும் முறையில் அவர் தேர்ச்சி பெற்றவர். எந்த முறை என்று அறிவிப்பில் சொல்லப்படாத நிலையில் அதைக் கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.